அல்சூர் ஏரிக்கரை டீக்கடை குறித்து நகர வியாபாரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் 31 ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். என் ஸ்டூடியோவிலிருந்து நாற்பது அடி தள்ளி, ஏரிக்கரைப் பக்கத்து நடைபாதையில், தினமும் காலை 5 மணிக்கு ஒரு தள்ளுவண்டி டீக்கடை வந்து நிற்கும். பத்தரை மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு அந்த இடத்தில் கடை இருந்ததற்கு அடையாளமாகக் கழுவிவிட்ட ஈரம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்புப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு அந்தக் கடைக்காரர் கொடுத்த மனு உங்கள் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. மனு ஒன்றரைப் பக்கம்தான். அதில் எழுத முடியாமல் போனதை, நான் கண்ணால் பார்த்த வரிசையிலேயே, இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணி இருக்கும். கையில் ஒரு கோப்புடன் வந்த அலுவலர், கணக்கெடுப்புப் பட்டியலில் இந்தக் கடை இல்லை, ஆகவே பத்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் தரவில்லை. கடைக்காரர் அப்போது வடிபையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்ததையே மறுபடியும் மறுபடியும் பிழிந்தார். டிகாஷன் வருவது நின்று வெகுநேரம் ஆகியும் அவர் கை நிற்கவில்லை. பள்ளிச் சீருடையில், பையை மாட்டிக்கொண்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"நாம இல்லன்னு எப்படிப்பா எழுதுவாங்க?" என்று கேட்டான்.

"அவங்க வந்தப்போ நாம இல்ல, கண்ணு," என்றார்.

நடந்தது அதுதான். கணக்கெடுத்தவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தது பிற்பகல் 3 மணிக்கு. அந்த நேரத்தில் பழவண்டிக்காரரும் பானிபூரிக்காரரும் இருந்தார்கள், பட்டியலில் ஏறினார்கள். விடியற்காலையில் டீ விற்பவர், பூ விற்கும் அம்மா, பால் பாக்கெட் விற்பவர் ஆகிய மூவரும் அப்போது வீட்டில் இருந்தார்கள். கணக்கெடுத்தவர்கள் வேண்டுமென்று விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், பிரிவு 3, உட்பிரிவு 3இல் சொல்வது வேறு. கணக்கெடுப்பு முடிந்து, எல்லா வியாபாரிகளுக்கும் வியாபாரச் சான்று வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது அது. விடுபட்ட ஒருவரை, விடுபட்டதையே காரணமாகக் காட்டி எழுப்ப முடியுமா என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி. அதற்கு முன்னால், அவர் உண்மையிலேயே அந்த இடத்து வியாபாரிதானா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். அந்தப் பையன் பதில் தேடியது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

அன்று மாலையே அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். "மாமா, கடையைப் படம் எடுக்கப் போறேன். நல்லா வர எப்படி எடுக்கணும்?" என்றான். எனக்குத் தெரிந்ததை உடனே சொன்னேன். ஆவி படத்தில் எடுபட வேண்டுமென்றால் வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வரவேண்டும், அதற்கும் பின்னால் இருட்டான சுவர் இருக்கவேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் ஆவி கரைந்துபோகும். மறுநாள் சூரியன் எழும் நேரத்தில் பாய்லரின் ஆவி பொன்னிறமாகச் சுருண்டு எழுவதையும், அப்பா கையை உயர்த்தி டீ ஆற்றும்போது அது கயிறுபோல் நீண்டு இறங்குவதையும் மெதுவான வேகத்தில் எடுத்தான். பாட்டுச் சேர்த்து, 50 விநாடிக்கு வெட்டி, இணையத்தில் போட்டான். அழகாகவே இருந்தது. நானும் பாராட்டினேன். அந்தப் பாராட்டுக்கு இன்றும் வருந்துகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்ததற்கு நானும் பொறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆறரை மணிக்கெல்லாம் கடையைச் சுற்றி அறுபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். இந்திராநகரிலிருந்தும் கோரமங்களாவிலிருந்தும் வந்த இருசக்கர வண்டிகள் நடைபாதைமீது ஏறி நின்றன. எல்லோரும் ஆளுக்கொரு போனில் அந்த டீ ஆற்றுவதையே எடுத்தார்கள். கடைக்காரர் எட்டு லிட்டர் பால் வாங்குபவர்; ஏழரைக்கே பால் தீர்ந்துவிட்டது. தினமும் வேலைக்குப் போகிற வழியில் குடிக்கும் துப்புரவுப் பணியாளர் பெண்கள் நான்கு பேர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்காமலே போனார்கள். ஏரிக்கு நடக்க வந்த ஒரு பெரியவர் சாலையில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அவர் அதைப் படம் எடுத்தார், எடுத்ததில் தவறில்லை. நடைபாதையை அடைத்துக் கடை நடக்கிறது என்று உங்களுக்கு வந்திருக்கும் புகாரில் ஒட்டியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம்தான். அது பொய்ப்படம் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு காலையில் மட்டும் நடந்தது அது; அந்தக் கூட்டத்தைக் கூட்டி வந்தது நாங்கள் எடுத்த 50 விநாடிப் படம்.

அன்று மதியம் பையன் என் ஸ்டூடியோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். போட்ட வீடியோவை எடுத்துவிட்டான். அழுகை நின்ற பிறகு அவனோடு உட்கார்ந்து பேசினேன். மனதை உருக்கும் படம் வேறு, ஒன்றை நிரூபிக்கும் படம் வேறு. கல்யாண வீடியோவில் நாங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் பார்ப்பவரை மகிழ்விக்க. சந்தேகத்தோடு பார்ப்பவருக்கு ஒவ்வொரு வெட்டும், நடுவில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆகவே வெட்டே இல்லாமல், பாட்டு இல்லாமல், ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தோம்.

எடுத்தது ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் கூட்டம் அதிகம் என்பார்கள், ஊர் விடுமுறை நாளில் எடுத்தால் கூட்டம் குறைவு என்பார்கள். சாதாரண நாள்தான் வேண்டும். நேரம், கடையில் நெரிசல் மிகுந்த காலை 7 மணி. முதல் முறை ஒன்பதாவது நிமிடத்தில் அவனுடைய அத்தை போன் செய்தார், பதிவு நின்றுபோனது. அடுத்த நாள் போனில் இடம் தீர்ந்து 14ஆவது நிமிடத்தில் நின்றது. மூன்றாவது நாள் போனை விமானப் பயன்முறையில் போட்டு, பழைய படங்களையெல்லாம் என் கணினிக்கு மாற்றிவிட்டுத் தொடங்கினான். அவன் போனில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. பிடிக்கிறது, 24 நிமிடத்துக்கு 3 ஜி.பி.யைத் தாண்டியது.

அந்த 24 நிமிடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். முதலில் அன்றைய தமிழ் நாளிதழின் முகப்பு. படம் அந்தத் தேதிக்கு முன்னால் எடுக்கப்பட்டதல்ல என்பதற்கு அது போதும். பிறகு, நிறுத்தாமலே, போன் கீழே இறங்குகிறது. தச்சரிடம் இரவல் வாங்கிய இரும்பு அளவு நாடா நடைபாதையின் குறுக்கே கிடக்கிறது. சுவரிலிருந்து விளிம்புக் கல்வரை 3.1 மீட்டர், எண் தெளிவாகத் தெரியும்வரை போனை அசைக்காமல் பிடித்திருக்கிறான். வண்டி சுவரோரமாக 0.9 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. மீதி 2.2 மீட்டர். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வழிகாட்டியில், தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது. அதன்பின் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய், மதில்மேல் ஒரு அரைச் செங்கல்லை வைத்து, ரப்பர் பாண்டால் போனை அதனோடு கட்டிவிட்டு நகர்ந்துவிட்டான். சட்டகத்தின் நடுவில் கடை, இடது ஓரத்தில் மின்கம்பம், வலப்புறம் தூரத்தில் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. இருபது நிமிடம் போன் அசையவில்லை.

இதில் ஒன்றை உங்களிடம் நாங்களே சொல்லவேண்டும். பதிவின் 11ஆவது நிமிடத்தில் ஒன்பது பேர் சேர்ந்தாற்போல் நிற்கிறார்கள். நடக்கும் வழி, நாடாக் கணக்குப்படி, 1.6 மீட்டராகக் குறைகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருகிறார், ஒரு கணம் தயங்குகிறார். கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்து, நிற்பவர்களைச் சுவர்ப்பக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டுகிறார். வண்டி போகிறது. அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று அவனுடைய அப்பாதான் கேட்டார். பையன் மறுத்துவிட்டான். "வெட்டினா மொத்தமும் போயிடும்ப்பா," என்றான். அதற்கு மறுநாளிலிருந்து வாடிக்கையாளர்கள் நிற்பதற்குச் சுவரோரமாகச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நீங்கள் நேரில் வந்தால் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்கள் பேசியதைத் தனியாக எடுத்தான், ஏனென்றால் சாலைக்கு அப்பாலிருந்து எடுத்ததில் பேருந்துச் சத்தம்தான் கேட்டது. போனை ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான்: எத்தனை ஆண்டுகளாக இங்கே குடிக்கிறீர்கள், அது எப்படி நினைவிருக்கிறது? வருடத்தை மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவரவர் வாழ்க்கையில் நடந்த ஒன்றோடு சேர்ந்து வந்தால் நம்பலாம். பூ விற்கும் அம்மா, மூத்த மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தக் கடையிலிருந்துதான் பிளாஸ்கில் டீ வாங்கிப் போனேன், அந்தப் பேத்தி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள் என்றார். இப்படி ஏழு பேர். எவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எடுத்த கோப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பாததற்கும் காரணம் உண்டு. வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் கழன்றுவிடும். மூலக் கோப்பு போனிலேயே தொடப்படாமல் இருக்கிறது. அதன் நகலை எடுத்த அன்றே `SHA-256` எண்ணைக் கணக்கிட்டுத் தாளில் அச்சிட்டோம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால் அது கைரேகை போன்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமும் பிரிவு 63இல், மின்னணுப் பதிவோடு இத்தகைய எண் குறிப்பிட்ட சான்றிதழைத்தான் கேட்கிறது. உங்கள் குழு நீதிமன்றம் அல்ல. இருந்தும் அங்கே செல்லுபடியாகும் முறையிலேயே எடுத்து வைத்தோம்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருந்தது. கடை இன்று அங்கே இருக்கிறது என்பதை இது காட்டும். நேற்று வந்த கடை அல்ல என்பதைக் காட்டாது. அதற்கு ஏழு பேரின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. ஒரு மாலை அவன் என் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதில் சுமார் 1,400 MiniDV கேசட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பத்திரிகையோடு ரப்பர் பாண்டு போட்டு.

"மாமா, இந்தக் கல்யாணத்துல எதுலயாவது எங்க கடை பின்னாடி விழுந்திருக்குமா?"

31 ஆண்டுகளாக அந்தத் தெருவில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தே கேமரா பிடித்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

அந்தத் தெரு வழியாகப் போன ஊர்வலங்களைப் பத்திரிகையைப் பார்த்துப் பிரித்ததில் 38 கேசட்டுகள் தேறின. கேசட்டை வேகமாக ஓட்டிப் பார்த்தால் இரண்டு விநாடிக் காட்சி தப்பிவிடும் என்பதால், ஒரு மணி நேர கேசட்டை ஒரு மணி நேரம்தான் ஓட்டிப் பார்த்தோம். பல கேசட்டுகளில் பூஞ்சை. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் நிறுத்தி, துடைக்கும் கேசட்டைப் பத்து விநாடி ஓட்டி, மறுபடி தொடங்குவோம். பள்ளி முடிந்ததும் வந்து, வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பதினேழு நாள் பார்த்தான். இருபத்தாறாவது கேசட்டில் நாதஸ்வரக்காரரின் தோளுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி வந்தது. அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டான்.

பதினோரு விநாடி. இதே பித்தளை பாய்லர், வலது பக்கம் இதே நசுங்கல். பின்னால் ஒல்லியான ஓர் இளைஞர், தலை நிறைய முடி. மேளச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பி, கேமராவைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, கையிலிருந்த கிளாஸைக் கழுவக் குனிகிறார். பையன் எதுவும் பேசவில்லை. அந்தப் பதினோரு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, "இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி," என்றான்.

கேமரா காட்டிய தேதி 2008 மே. பத்திரிகையில் உள்ள முகூர்த்தத் தேதியும் அதுவே. ஆனாலும் கேமராவின் தேதியை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே இருக்கும் சின்னப் பட்டரி தீர்ந்தால் கடிகாரம் தவறிப்போகும். பத்திரிகையையும், வேறு கேசட்டில் சுற்றிவிட்டீர்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். அதைப் பையனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண்ணில் பட்டது. படத்தின் வலது மூலையில், ஏரிக்கரையில், சுற்றிலும் மூடப்பட்ட உயரமான ஓர் உருவம் நிற்கிறது.

இந்த ஊர்த் தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று நானும் அந்தக் கூட்டத்தில் கேமராவோடு நின்றேன். ஆகவே, மூடிய சிலையும் டீக்கடையும் ஒரே படத்தில் இருந்தால், அந்தக் கடை அந்த நாளுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் சட்டம் வருவதற்கும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய நாள் அது. மின்கம்பமும் அதே இடத்தில் இருக்கிறது. பையன் மதில்மேல் வைத்து எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிலைக்கு மட்டும்தான் வித்தியாசம். ஒன்றில் மூடியிருக்கிறது, மற்றதில் வெயில் படுகிறது.

சட்டப்படி உங்கள் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கிறீர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். விடியற்காலைக் கடை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கடையின் பெயரைச் சேர்ப்பதற்கு முன், தயவுசெய்து 24 நிமிடப் பதிவை முழுதாகப் பாருங்கள். 11ஆவது நிமிடத்தைக் கட்டாயம் பாருங்கள். எங்கள் தெருவின் மறு கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்பினால், காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் அனுப்புங்கள். பூக்கார அம்மாவையும் பால் விற்பவரையும் படம் எடுக்க யாரும் இல்லை. அந்த நேரத்தில் வந்தால் படம் இல்லாமலே அவர்களைப் பார்த்துவிடலாம். அதுவரை வாய்மொழியாகச் சொன்ன அந்தப் பத்து நாள் கெடுவை எழுத்து மூலம் நிறுத்தி வையுங்கள். கெடு முடிந்துவிட்டது, இன்னும் யாரும் வரவில்லை, ஆனால் கடைக்காரர் தினமும் 9 மணிக்குத் தெருமுனையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மனுவோடு கொடுத்த உறையில் ஒரு பென் டிரைவும், கைரேகை எண் அச்சிட்ட தாளும், கல்யாண வீட்டாரின் ஒப்புதல் கடிதமும் இருக்கின்றன. 2008ஆம் ஆண்டு கேசட்டை மட்டும் உறையில் வைக்கவில்லை. அதற்கு வேறு மூலம் இல்லாததால் கைவிட்டுப் போகக்கூடாது. கூட்டத்தன்று நானே கேமராவோடு எடுத்து வருகிறேன். கேமராவின் பட்டரி செத்துப் பல வருடமாகிறது. நீங்கள் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மின் இணைப்பு மட்டும் ஏற்பாடு செய்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெரு ஸ்டூடியோக்காரன்,
அல்சூர், பெங்களூரு